பேட்ச் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்: கையால் செய்த சோப்புக்கு விவரமும் கடைக்கதையும்

மஞ்சள் போட்ட சோப்பை முதன்முதலாக விற்பனைக்கு வைத்தபோது, கட்டி வெட்டிய அன்றே படம் எடுத்து ஏற்றிவிட்டேன். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்குமே, காஸ்டிக் சோடா கலந்த சோப்பிலும் அதேதான் நடக்கும். அன்றைக்குக் கட்டி நல்ல செங்காவி நிறத்தில் இருந்தது. படத்துக்குக் கீழே "கண்ணைப் பறிக்கும் இயற்கை நிறம்" என்று எழுதினேன். ஆறு வாரம் ஜன்னலோர அலமாரியில் காய்ந்தபின் நிறம் இறங்கிப் போனது. மஞ்சளின் நிறம் காரத்திலும் வெளிச்சத்திலும் நிற்காது. அதை அப்படியே பொட்டலம் கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு அம்மா போன் செய்தார்: "படத்துல காவி கலர்ல இருந்துச்சு, வந்தது மங்கின கடுகு கலர்ல இருக்கு. பழைய சரக்கை அனுப்பிட்டியாம்மா?"

சோப்பில் குறை ஒன்றும் இல்லை, எழுதியதில்தான் குறை. "புதிதில் காவியாக இருக்கும், போகப் போகக் கடுகு நிறமாக வெளிறும், மஞ்சள் அப்படித்தான்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கப்புறம் நிறம் வெளிறுவதையே சிலர், மஞ்சள் உண்மையானது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பொருளின் குணத்தை நாம் முந்திச் சொன்னால் அது தகவல். வாங்கியவர் தானாகக் கண்டுபிடித்தால் அது ஏமாற்று.

இந்தக் கட்டுரையில் அந்த ஒரே சோப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு விவரம் எழுதுவதை முதலிலிருந்து கடைசி வரை காட்டுகிறேன். லிப் பாம், நலங்கு மாவு, தலைக்கு எண்ணெய் எதுவானாலும் வழி இதேதான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். சோப்பும் சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் இதைச் சொல்கின்றன. "வீட்டுச் சமையலறையில் செய்தது" என்பதை விளம்பர வாசகமாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வரி யாருக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். உரிம எண் இருந்தால் அதை எழுதலாம். எந்த உரிச்சொல்லையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

முதல் வேலை: நோட்டை எடுத்துக் கணக்குப் போடுவது

எழுத உட்காரும்போது பேட்ச் நோட்டு பக்கத்தில் இருக்க வேண்டும். என் மஞ்சள் சோப்பின் ஒரு பேட்ச் இது: தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 155 கிராம், தண்ணீர் 300 கிராம், மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம். (எழுதிக் காட்டுவதற்காகத் தருகிறேன். இதைப் பார்த்து அப்படியே கலக்க வேண்டாம், காஸ்டிக் அளவை ஒவ்வொரு முறையும் நீங்களே கணக்கிட வேண்டும்.) எல்லாம் சேர்ந்து 1,458 கிராம். 100 கிராம் கட்டிகளாக வெட்டினால் பதினாலு வரும்.

இப்போது மஞ்சளை மட்டும் பாருங்கள். 3 கிராமைப் பதினாலு கட்டிக்குப் பிரித்தால் ஒரு கட்டிக்குக் கால் கிராம்கூட இல்லை. ஒரு சிட்டிகை. அதுவும் உடம்பில் அரை நிமிடம் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான், "மஞ்சளின் மகத்துவம் நிறைந்த சோப்" என்று நான் எழுதியிருந்த வரியை எனக்கே படிக்க முடியவில்லை. மஞ்சள் இதில் நிறத்துக்காக இருக்கிறது. சோப்பின் வேலையைச் செய்வது தேங்காய் எண்ணெய்.

உங்கள் பொருளிலும் இப்படி ஒன்று இருக்கும். பெயரில் பெரிதாக நிற்பது ஒன்று, பாத்திரத்தில் பெரிதாக இருப்பது வேறொன்று. குங்குமப்பூ கிரீம் என்று பெயர் இருக்கும், குங்குமப்பூ நாலு இழை இருக்கும். பெயரை மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் விவரத்தின் கனம் எந்தப் பொருளின் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். லேபிளில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை எடை இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே இருப்பவை பட்டியலின் வாலில் வரும். முன்பக்கம் பெரிய மஞ்சள் கிழங்கு படம், பின்பக்கம் பட்டியலின் கடைசியில் மஞ்சள். படிக்கத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிப் பார்த்தால் போதும்.

எடையையும் இதே கணக்கில் சேருங்கள். சேர்த்த தண்ணீரில் ஒரு பங்கு காய்ந்து போவதால், 100 கிராம் வெட்டிய கட்டி ஆறு வாரத்தில் என் அலமாரியில் 88 முதல் 90 கிராமுக்கு வந்து நிற்கிறது. அச்சு எடையை எழுதாதீர்கள். பொட்டலம் கட்டும் அன்று பத்துக் கட்டியைத் தனித்தனியாக நிறுத்துப் பார்த்து, அதில் குறைந்ததை எழுதுங்கள்.

இரண்டாவது: குளியலறைக் குறிப்பு

நோட்டு உள்ளே இருப்பதைச் சொல்லும். கையில் எப்படி இருக்கிறது என்பதற்கு நீங்களே குளித்துப் பார்க்க வேண்டும். அதுவும் வாடிக்கையாளர் குளிக்கும் தண்ணீரில். நான் முதலில் கேன் தண்ணீரில் நுரை வரவைத்து வீடியோ எடுத்தேன். வாங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டில் போர் தண்ணீர். கடினமான தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாக மாறும், நுரை குறையும், பக்கெட் ஓரத்தில் படியும். எல்லா சோப்புக்கும் இது உண்டு. தேங்காய் எண்ணெய் அதிகம் போட்ட சோப் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கடல் தண்ணீரில்கூட நுரைக்கும் என்று கப்பல்காரர்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே தேங்காய் எண்ணெய் சோப்பைத்தான் கொடுத்தார்கள்.

இது தெரிந்ததும் எனக்கு விற்கும் வரி கிடைத்துவிட்டது. மஞ்சளில் தேடிக்கொண்டிருந்தேன், அது தேங்காய் எண்ணெயில் இருந்தது.

அதே 600 கிராம் தேங்காய் எண்ணெய்தான் இந்த சோப்பின் குறையும். அது எண்ணெய்ப்பசையை நன்றாக எடுக்கும். ஏற்கெனவே வறண்ட சருமம் என்றால் இருப்பதையும் எடுத்துவிடும். மார்கழியில் நானே குளித்துவிட்டு வந்து முழங்காலில் கோடு கிழித்தால் வெள்ளையாக விழுந்தது. எழுதிக்கொண்டேன். கைப்பொருள் எதிலும் பலமும் பலவீனமும் பெரும்பாலும் ஒரே சரக்கிலிருந்துதான் வரும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வாசிப்பவருக்குக் காரணம் புரிகிறது, காரணம் புரிந்தால் நம்புகிறார்.

இன்னும் சில குறிப்புகள் எடுத்தேன். ஒருவர் தினம் ஒருமுறை குளிக்க, தண்ணீர் வடியும் தட்டில் வைத்தால் 20 நாள் வந்தது. அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைத்தால் 13 நாளில் கரைந்து போனது. நனைத்த வெள்ளைத் துண்டில் கட்டியைத் தேய்த்துப் பார்த்தேன், கறை பிடிக்கவில்லை. நெருங்கி முகர்ந்தால் லேசாக நல்லெண்ணெய் வாசம். இவை ஒன்றும் பெரிய ஆராய்ச்சி இல்லை. ஆனால் "சருமத்தைப் பட்டுப்போல் ஆக்கும்" என்று எழுதத் தேவையில்லாமல் போனதற்கு இவைதான் காரணம்.

மூன்றாவது: சலித்து எடுப்பது

இப்போது மனதில் வரும் எல்லா வரிகளையும் தாளில் கொட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் பார்த்து "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். நோட்டில் இருக்கிறது, குளித்துப் பார்த்தேன், லேப் அறிக்கை இருக்கிறது என்று மூன்றில் ஒரு பதில் வந்தால் வரி நிற்கும். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்று வந்தால் அடித்துவிடுங்கள்.

என் தாளில் அடிபட்ட முதல் வரி "கெமிக்கல் இல்லாத சோப்". காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப் கிடையாது. கணக்குச் சரியாக இருந்தால் அது எண்ணெயோடு முழுதாக வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும், காய்ந்த கட்டியில் மிஞ்சாது. இதை மறைப்பதற்குப் பதில் இரண்டு வரியில் விளக்கினால் மரியாதை கூடும். ரெடிமேட் சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுகிறவர்களும் "காஸ்டிக் சேர்க்கவில்லை" என்று எழுதுகிறார்கள். நீங்கள் சேர்க்கவில்லை, பேஸ் செய்த தொழிற்சாலை சேர்த்திருக்கிறது. உருக்கி ஊற்றுவது கேவலமான வேலை இல்லை. "தயார் பேஸில் எங்கள் கையால் வார்த்தது" என்று எழுதுங்கள், போதும்.

இரண்டாவது வரி "பிஹெச் சமநிலை கொண்டது". எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து உண்டான சோப்பின் பிஹெச் 9 முதல் 10 வரை இருக்கும். சருமத்தின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியது. சோப்பை அந்த அளவுக்கு இறக்கினால் அது சோப்பாகவே இருக்காது. ஆக இந்த வரி, படித்தவர் ஒருவர் பிஹெச் பார்க்கும் காகிதத்தை நனைத்து வைத்தால் அம்பலமாகும் பொய்.

மூன்றாவது "பருவைப் போக்கும், தேமலை நீக்கும்". இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் அழகுசாதனம் என்பது சுத்தம் செய்வது, அழகூட்டுவது, தோற்றத்தை மாற்றுவது. நோயைப் போக்குவது மருந்து. ஒரே சோப்பு, லேபிளில் நீங்கள் எழுதும் ஒரு வினைச்சொல்லால் மருந்தாகிவிடும். அதற்கு வேறு உரிமம், வேறு சோதனை. சித்த, ஆயுர்வேத மருந்து என்று சொல்வதற்கும் தனி உரிமம் உண்டு. வெண்புள்ளி போன்ற சில நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

நடைமுறையில் நான் பார்ப்பது வினைச்சொல்லைத்தான். கழுவும், நுரைக்கும், மணக்கும், மிருதுவாகத் தெரியும், எண்ணெய்ப்பசையை எடுக்கும் என்பவை அழகுசாதனத்தின் வினைகள். குணமாக்கும், தடுக்கும், நீக்கும், கிருமியைக் கொல்லும் என்பவை மருந்தின் வினைகள். "எண்ணெய் வழியும் சருமத்துக்கு ஏற்றது" என்று எழுதலாம். "பருவை நீக்கும்" என்று எழுதக் கூடாது. எண்ணெய் வழியும் சருமக்காரர்களுக்கு அந்த முதல் வரியே போதும், அவர்களுக்குத் தங்கள் பிரச்சினை தெரியும்.

வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதும் இதில் சேரும். "அக்கா, என் பையனோட கரப்பான் சரியாயிடுச்சு" என்று ஒருவர் அன்பாக அனுப்பியதை நீங்கள் கடைப்பக்கத்தில் போட்ட நிமிடம் அது உங்கள் வாக்கு. மருந்து மாத்திரையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள், கோடைகாலம் முடிந்திருக்கும், நமக்கு என்ன தெரியும்? நன்றி சொல்லிவிட்டு அதைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "போர் தண்ணிலயும் நல்லா நுரைக்குது" என்று வரும் செய்தியை, அவர் அனுமதியோடு போடுங்கள்.

வெள்ளையாக்குவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு நிறத்தைக் குறையாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. "பொலிவு" என்று மாற்றிப் போட்டுவிட்டு, வெளிறிய முகத்தைப் படமாக வைத்தாலும் அதே கதைதான்.

வாசனையில் ஒரு சங்கடம் வரும். மல்லிகை சோப் கேட்பார்கள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பெயருக்கே ஒரு மயக்கம் இருக்கிறது. ஆனால் மல்லிகையை லாவண்டர் போல நீராவியில் வடிக்க முடியாது, சூட்டில் மணம் கெட்டுவிடும். கரைப்பான் கொண்டு எடுக்கும் சாறு ஒரு கிலோ வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். எண்பது, தொண்ணூறு ரூபாய் சோப்பில் அது இருக்க வழியே இல்லை. அதில் இருப்பது வாசனைத் தைலம், அதாவது செயற்கை மணம். "மல்லிகை மணம் (செயற்கை வாசனைத் தைலம், சோப்புக்கானது)" என்று எழுதினேன். விற்பனை நின்றுவிடும் என்று பயந்தேன், நிற்கவில்லை. மல்லி வாசனை வேண்டும் என்பவர்கள் வாங்கினார்கள், செயற்கை வேண்டாம் என்பவர்கள் மணமே இல்லாத மஞ்சள் சோப்புக்குப் போனார்கள். இரண்டு பேருமே என் கடையில்தான்.

நான்காவது: எழுதுவது

என் பழைய விவரம் இப்படி இருந்தது:

"100% இயற்கையான, கெமிக்கல் இல்லாத, பாரம்பரிய மஞ்சள் சோப். மஞ்சளின் மருத்துவ குணங்களால் பருக்கள், கரும்புள்ளிகள் நீங்கி முகம் பளபளக்கும். எல்லா வகை சருமத்துக்கும் ஏற்றது. பக்க விளைவுகள் அற்றது. குழந்தை முதல் பெரியவர் வரை பயன்படுத்தலாம்."

இதில் இந்த சோப்புக்கு மட்டும் உரிய விஷயம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மஞ்சள் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேம்பு என்று போட்டால் பக்கத்துக் கடைக்காரரின் விவரமாகிவிடும். "எல்லா வகை சருமத்துக்கும்" என்பதுதான் இதில் பெரிய தப்பு. எல்லோருக்கும் என்று சொன்னால் வாசிக்கிறவர் தனக்கு என்று எடுத்துக்கொள்வதில்லை. கூடவே, வறண்ட சருமக்காரர் வாங்கி, இழுக்கிறது என்று திருப்பி அனுப்புவார்.

புதிதாக எழுதும்போது முதல் வரியில் யாருக்கு, எதற்கு என்று வைத்தேன். போனில் பார்க்கிறவருக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதி "மேலும்" என்பதற்குள் மறைந்திருக்கும். அடுத்தது அதற்குக் காரணமான சரக்கு. அதன்பின் மணம், நிறம், தொடுகை. அப்புறம், யாருக்கு வேண்டாம் என்பது. கடைசியில் வைக்கும் முறை. எழுதி முடித்தது இது:

"போர் தண்ணீரில் சோப் நுரைக்கவில்லை என்று அலுத்துப் போனவர்களுக்காகச் செய்த குளியல் சோப். எண்ணெயில் பத்துக்கு ஆறு பங்கு தேங்காய் எண்ணெய். அதனால்தான் உப்புத் தண்ணீரிலும் நுரை நிற்கிறது; எங்கள் வீட்டு போர் தண்ணீரில்தான் சோதித்தோம். மீதி நல்லெண்ணெயும் கொஞ்சம் விளக்கெண்ணெயும்.

வாசனை எதுவும் சேர்க்கவில்லை. நெருங்கி முகர்ந்தால் லேசாக நல்லெண்ணெய் வாசம் வரும். மஞ்சள் ஒரு கட்டிக்கு ஒரு சிட்டிகை, நிறத்துக்காக மட்டும். புதிதில் காவியாக இருக்கும், போகப் போகக் கடுகு நிறமாகும். துண்டில் கறை பிடிக்காது.

வியர்வையும் எண்ணெய்ப்பசையும் அதிகம் உள்ளவர்களுக்கு நன்றாக இருக்கும். உங்களுக்கு வறண்ட சருமம் என்றால், முக்கியமாகக் குளிர்காலத்தில், குளித்தபின் இழுக்கும். எங்கள் நல்லெண்ணெய் சோப்பைப் பாருங்கள். முகத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும். புதிதாகப் போடுகிறவர்கள் முதலில் முழங்கையின் உட்புறம் தேய்த்துக் கழுவிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

ஆறு வாரம் காயவைத்தது. தண்ணீர் வடியும் தட்டில் வைத்தால் ஒருவருக்கு 20 நாள் வரும், தேங்கும் டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம்கூடத் தாங்காது. எடை 88 கிராம்."

சரக்குப் பட்டியல், பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, விலை, உரிம எண், முகவரி எல்லாம் இதற்குக் கீழே தனியாக வரும். அவை கட்டாயம், அவற்றில் சாமர்த்தியம் காட்ட ஒன்றுமில்லை.

"யாருக்கு வேண்டாம்" என்ற பத்தியை எழுதும்போது கை நடுங்கும், தெரியும். அந்த இடத்தில் மாற்றுப் பொருள் ஒன்றைக் காட்டுங்கள். உங்களிடம் இல்லையென்றாலும் "கடையில் கிடைக்கும் கிளிசரின் சோப் உங்களுக்கு நல்லது" என்று எழுதலாம். ஒரு கட்டி விற்காமல் போகும். ஆனால் திரும்பி வரும் பார்சலுக்குப் போக வரக் கூரியர் கட்டினால் இரண்டு கட்டியின் காசு போகும்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். கடைக்கு வந்த ஒருவரிடம் முகம் பார்த்து இதைச் சொல்வீர்களா? "சருமத்தின் ஆழத்தில் ஊடுருவி" என்று எந்தக் கடைக்காரரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நாக்கு தடுக்கும் இடம் பெரும்பாலும் நோட்டில் ஆதாரம் இல்லாத இடமாக இருக்கும்.

ஐந்தாவது: கடைக்கதை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பி தன் கடைக்குக் கதை எழுதித் தரச் சொன்னார். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தார்: "தலைமுறை தலைமுறையாக எங்கள் பாட்டியின் கைப்பக்குவத்தில்..."

"பாட்டி சோப் காய்ச்சுவாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டி சோப்பே போட்டதில்லீங்க்கா. சீயக்காயும் பச்சைப்பயறு மாவும்தான்."

"அப்போ நீங்க எங்கே கத்துக்கிட்டீங்க?"

"கோயம்புத்தூர்ல மூணு நாள் கிளாஸ் போனேனுங்க்கா. ஆனா அதை எழுதினா நல்லாவா இருக்கும்?"

நன்றாகத்தான் இருக்கும். பாட்டி ரகசியம் ஆயிரம் கடைகளில் இருக்கிறது, அதில் முக்கால்வாசிப் பாட்டிகள் காஸ்டிக் சோடாவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். மூன்று நாள் கிளாஸுக்குப் போனதும், வந்து முதல் பேட்ச் கெட்டுப்போனதும் இந்தத் தம்பிக்கு மட்டும் நடந்தது.

கதைக்காக நான் அவரிடம் கேட்டவை கொஞ்சம்தான். எந்த நாளில், எது பொறுக்காமல் ஆரம்பித்தீர்கள்? முதலில் எது கெட்டது, ஏன்? இப்போது யார் என்ன வேலை செய்கிறார்கள்? எதைச் செய்யமாட்டீர்கள், கேட்டாலும்? பதில்களை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டேன். கொப்பரை விலை விழுந்த வருடம் தோப்பில் காய் குவிந்து கிடந்தது. செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றும் மிஞ்சியது. கிளாஸுக்குப் போய் வந்தார். முதல் பேட்சில் தராசு பேட்டரி இறங்கி அளவு தப்பியது, கட்டியின் மேல் வெள்ளைத் தூள் பூத்துக் கையை அரித்தது, மொத்தத்தையும் கொட்டினார். இப்போது அவர் கலக்குகிறார், மனைவி வெட்டி நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறார். கறுப்பை வெள்ளையாக்கும் சோப் கேட்டு வந்த இரண்டு மொத்த ஆர்டர்களை வேண்டாம் என்றிருக்கிறார்.

அதிலிருந்து வந்த கதை:

"கொப்பரை விலை விழுந்த வருடம் எங்கள் தோப்பில் காய் குவிந்து கிடந்தது. எண்ணெயாக ஆட்டி விற்றது போக மிஞ்சியதை என்ன செய்வதென்று தெரியாமல் கோயம்புத்தூரில் மூன்று நாள் சோப் வகுப்புக்குப் போனேன். வந்து போட்ட முதல் பேட்சில் தராசு தப்பாகக் காட்டியது. கட்டி கையை அரித்தது, அத்தனையும் கொட்டினோம். அன்றிலிருந்து இரண்டு தராசில் நிறுக்கிறோம்.

நான் கலக்குகிறேன். மனைவி வெட்டி, நிறுத்து, பொட்டலம் கட்டுகிறார். பெட்டியில் இருக்கும் பேட்ச் எண் அவர் கையெழுத்து. தேங்காய் எண்ணெய் எங்கள் தோப்புக் காயிலிருந்து. நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் வெளியில் வாங்குகிறோம். வெள்ளையாக்கும் சோப் நாங்கள் செய்வதில்லை."

அவர் எழுதி வைத்திருந்தது ஒரு முழுப் பக்கம், இது அதில் பாதிதான். இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் நேரில் வந்து காட்டு என்றால் காட்ட முடியும். "வெளியில் வாங்குகிறோம்" என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார். இருக்கட்டும் என்றேன். அது இருப்பதால்தான் "எங்கள் தோப்புக் காய்" என்பது நம்பும்படியாக இருக்கிறது. மொத்தமும் எங்கள் மண்ணில் விளைந்தது என்று எழுதியிருந்தால், எள் எந்த வயலில் போட்டீர்கள் என்று பொள்ளாச்சிக்காரர் யாராவது கேட்டுவிடுவார்கள்.

கதையில் வருடம் போட்டால் சரியான வருடம் போடுங்கள். "பல வருட அனுபவம்" என்று எழுதினால் எத்தனை என்று கேட்கத்தான் செய்வார்கள். இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம்.

கடைசியாக: சரக்கு மாறும்போது எழுத்தும் மாற வேண்டும்

போன வருடம் நல்லெண்ணெய் விலை ஏறியபோது, 300 கிராமில் பாதியைத் தவிட்டெண்ணெயாக மாற்றினேன். காஸ்டிக் கணக்கைத் திருத்தினேன், நோட்டில் எழுதினேன். விவரத்தைத் திருத்த மறந்துவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து ஒருவர், "நெருங்கி முகர்ந்தாலும் நல்லெண்ணெய் வாசம் வரலையே" என்று எழுதினார். மூக்கு நல்ல மூக்கு. அன்றே விவரத்தைத் திருத்தி, அந்த பேட்ச் வாங்கிய எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்.

அதிலிருந்து பேட்ச் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "விவரம் பார்த்தாச்சா?" என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதில் டிக் விழாமல் கட்டி அலமாரியை விட்டு இறங்காது. லேபிளையும் ஆயிரக்கணக்கில் அடிப்பதில்லை. தவிட்டெண்ணெய் பேட்சுக்காகப் பழைய லேபிளில் 600 வீணாகிப் பழைய பேப்பர்காரரிடம் போனது. இப்போதெல்லாம் ஒரு தடவைக்கு இருநூறு.